பிளாஸ்டிக் குருணை விலை ஏறியது, கேன் விலை ஏறவில்லை: ஒப்பந்த வரியை எப்படிப் படிப்பது?

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் தயாரிக்கிறேன். கோவை எண்ணெய் கம்பெனியோடு மூன்றாண்டு ஒப்பந்தம். கேன் 40 ரூபாய், மாதம் 20,000 கேன். ஒரு கேனுக்குக் கழிவு சேர்த்து 250 கிராம் குருணை. ‘மூலப்பொருள் விலை 5 சதவீதத்துக்கு மேல் மாறினால் அதற்கேற்ப விலை மாற்றப்படும்’ என்பது நிபந்தனை. ஒப்பந்த நாளில் கிலோ 100 ரூபாய். போன வருடம் 92-க்கு இறங்கியபோது கேனுக்கு 2 ரூபாய் குறைத்துக்கொண்டார்கள். இப்போது 118. நான் 18 சதவீதம் கூட்டிக் கேட்டால், ‘5 போக 13 தான், அதுவும் இனி வரும் லோடுக்கு’ என்கிறார்கள். நான்கு மாதமாகப் பழைய விலைக்கே பில் போட்டிருக்கிறேன். லோடை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். மூலப்பொருள் விலை ஏறியதால் நட்டம் வருகிறது என்பது ஒப்பந்தத்திலிருந்து விடுபடப் போதிய காரணமல்ல என்று உச்ச நீதிமன்றம் 1960-லேயே அலோபி பர்ஷாத் வழக்கில் சொல்லிவிட்டது. நீங்கள் நிறுத்தினால் அவர்கள் வேறிடத்தில் கூடுதல் விலைக்குக் கேன் வாங்கி, அந்த வித்தியாசத்தை ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின்படி உங்களிடமே இழப்பீடாகக் கேட்கலாம். இன்று உங்கள் கையில் இருக்கும் நல்ல வழக்கு அன்று அவர்கள் கைக்குப் போய்விடும்.

உங்கள் கணக்கிலும் ஒரு பிழை இருக்கிறது. 18 சதவீதத்தை 40 ரூபாய் முழுவதற்கும் போட்டால் கேனுக்கு 7 ரூபாய் 20 காசு வருகிறது. ஆனால் கூலிக்கும் மின்சாரத்துக்கும் அச்சுக்கும் குருணை விலையோடு சம்பந்தமில்லை. மாறியது 250 கிராம் குருணையின் விலை மட்டுமே. ஆகவே 18 ரூபாயில் கால் பங்கு, அதாவது கேனுக்கு 4 ரூபாய் 50 காசுதான் உங்கள் நியாயமான கோரிக்கை. 5 சதவீதத்தைக் கழிக்கும் அவர்கள் கணக்கில் அது 3 ரூபாய் 25 காசாகிறது. உண்மையான தகராறு இந்த 1 ரூபாய் 25 காசில், மாதத்துக்கு 25,000 ரூபாயில் இருக்கிறது.

‘5 சதவீதத்துக்கு மேல் மாறினால்’ என்பது விலைமாற்றம் எப்போது தொடங்கும் என்பதைச் சொல்லும் வாசல். எவ்வளவைக் கழிப்பது என்பதை அது சொல்லவில்லை. இந்த வரியை இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்று அவர்கள் வாதிட்டாலும், தெளிவற்ற நிபந்தனையை இருதரப்பும் நடைமுறையில் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை நீதிமன்றம் பார்க்கலாம் என்பது கோத்ரா மின்சார நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்ற நெறி. போன வருடம் 8 ரூபாய் இறங்கியபோது அவர்கள் 5-ஐக் கழிக்காமல் முழு 8-க்கும் கால் பங்காக 2 ரூபாய் குறைத்தார்கள். இறங்கும்போது ஒரு கணக்கு, ஏறும்போது வேறு கணக்கு என்பது நிற்காது. அந்த 2 ரூபாய்க் குறைப்பைக் காட்டும் கடிதமோ பில்லோதான் உங்கள் வழக்கின் உயிர். அதை முதலில் தேடி எடுங்கள். அதே தாள், குருணைப் பங்குக்கு மட்டுமே மாற்றம் என்பதையும் காட்டும் என்பதால்தான் 7 ரூபாய் 20 காசைக் கைவிடச் சொல்கிறேன்.

எந்த விலை ‘மூலப்பொருள் விலை’ என்று ஒப்பந்தம் சொல்லாததால் அந்த நிபந்தனை செல்லாததாகிவிடாது. ஆனால் ஒரே கிரேடு குருணையின் கொள்முதல் பில்களை, ஜிஎஸ்டி நீக்கி, தள்ளுபடியைக் கழித்து ஒப்பிட்டுக் காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது. பழைய விலைக்கு வாங்கிய இருப்பில் செய்த கேன்களுக்கு உயர்வு கேட்பது உங்கள் முழுக் கணக்கின் மீதும் சந்தேகத்தை வரவழைக்கும்.

நான்கு மாதம் பழைய விலைக்கு பில் போட்டதால் மட்டும் உரிமை போய்விடாது. உயர்வுக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும் என்ற வரி வேறெங்காவது இருக்கிறதா என்று மட்டும் ஒப்பந்தம் முழுவதையும் படித்துப் பாருங்கள். இருந்தால், அறிவிப்புக்கு முந்தைய லோடுகளுக்குக் கேட்பது கடினம். இல்லையென்றால், லோடு வாரியாகக் கணக்கிட்டு, பில்களை இணைத்து, இந்த வாரமே பதிவுத் தபாலில் கோரிக்கை அனுப்புங்கள். கடன் தவணை எதுவும் ஒப்புக்கொள்ளப்படாதபோது, சரக்கின் விலை கேட்டு வழக்குத் தொடர்வதற்கான மூன்றாண்டுக் கெடு ஒவ்வொரு லோடும் சேர்ந்த நாளிலிருந்து தனித்தனியே ஓடும்.

அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு டெபிட் நோட் போடுங்கள். அதற்கான வரிக்கு அவர்கள் உள்ளீட்டு வரவு எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அந்தப் பகுதி அவர்களுக்குச் சுமையாகாது. ஒப்புக்கொள்ளுமுன் போட்டால் கிடைக்காத பணத்துக்கு நீங்கள் வரி கட்ட நேரிடும்.

மறுத்தால், சப்ளைக்கு முன்பே உத்யம் பதிவு பெற்றிருக்கும் பட்சத்தில், கோவைக்கு அலையாமல் கேரளத்திலுள்ள குறு, சிறு தொழில் வசதிக் குழுவிடமே மனு செய்யலாம். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சப்ளை செய்பவர் இருக்கும் இடத்துக் குழுவுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. இதற்கிடையில் அவர்கள் 3 ரூபாய் 25 காசு கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மீதிக்கான உரிமைக்குப் பாதகமின்றிப் பெறுவதாக எழுதிக் கொடுங்கள். ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வாசகம் உள்ள ரசீதில் மட்டும் கையெழுத்திட வேண்டாம்.