தவணைப் பணமும் ராஜி மனுவும்

"விசைப்படகுக்காரர் என் நாட்டுப்படகு வலையை அறுத்துவிட்டார். தட்டிக்கேட்ட மச்சானை அடித்ததில் அவருக்குக் கை எலும்பு முறிந்தது. வழக்கு கோர்ட்டில் நடக்கிறது. ஒன்றரை லட்சத்தை மூன்று தவணையாக வாங்கிக்கொண்டு ராஜி ஆகச் சொல்கிறார்கள் ஊர்ப் பெரியவர்கள். நான் கையெழுத்துப் போட்டால் போதுமா?" - வாசகர், தேவிபட்டினம்

போதாது. வலைச் சேதத்துக்கு நீங்கள் ராஜி சொல்லலாம், முறிந்த கைக்கு உங்கள் மச்சான்தான் சொல்ல வேண்டும். ஊர்த் தலைவர் இருவருக்காகவும் சொல்ல முடியாது.

முதலில் குற்றப்பத்திரிகை நகலை வாங்கி, எந்தப் பிரிவு என்று பாருங்கள். வெறுங்கையால் அடித்து எலும்பு முறிந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 117(2). கோர்ட் அனுமதித்தால் ராஜி ஆகலாம். இரும்புக் கம்பி போன்ற ஆபத்தான ஆயுதம் என்று 118(2) போட்டிருந்தால் அந்தக் கோர்ட்டில் ராஜிக்கு வழியில்லை. எதிரி மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 528-ஆம் பிரிவில் ரத்து மனு போட வேண்டும். சமரசம் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் அங்கேயும் ரத்தாகிவிடாது.

117(2) என்றால், வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பும்படி மனுச் செய்யுங்கள். ராஜி ஆகக்கூடிய குற்றங்களில் கோர்ட் இப்படி அனுப்ப முடியும். மத்தியஸ்தர் உங்கள் இரு தரப்பையும் தனித்தனியாகவும் பார்ப்பார். மச்சான் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஊர் வற்புறுத்தித்தான் வந்தார் என்றால் அதையும் அங்கேயே சொல்லட்டும். பிறகு நேருக்கு நேர் உட்காரும்போது, அடிபட்டவர் என்ன இழந்தார் என்பதை அடித்தவர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். "தெரியாமல் நடந்துபோச்சு, பணம் எவ்வளவு?" என்று ஆரம்பிக்கிறவரிடம் அவசரப்படாதீர்கள். பேசியது எதுவும் பிறகு சாட்சியமாகாது. ஒத்துவராவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து நடக்கும்.

தொகையை மொத்தமாகப் பேசாமல் வலை விலை, வைத்தியச் செலவு, கடலுக்குப் போகாத நாட்களின் கூலி என்று பிரித்து எழுதுங்கள். மச்சானுக்குரியது அவர் கணக்குக்கே போகட்டும். நாட்டுப்படகு வலை கிடக்கும் இடத்துக்கு விசைப்படகு வராது என்பதையும் சேர்க்கலாம். ஆனால் விசைப்படகுக்குத் தடையுள்ள கரையோரக் கடலில் இழுவலை போட்டால் மீன்வளத் துறை எடுக்கும் நடவடிக்கையை இந்த ஒப்பந்தம் தடுக்காது.

பெரும்பாலும் தவறு நடப்பது தவணையில்தான். கோர்ட் ராஜியைப் பதிவு செய்தால், பி.என்.எஸ்.எஸ். 359(8)-இன்படி எதிரி விடுதலையானதாகவே பொருள். முதல் 50,000 வாங்கிய அன்றே ராஜி மனுப் போட்டு, மீதி ஒரு லட்சம் வராமல் போனால் குற்ற வழக்கு திரும்ப உயிர் பெறாது. பணத்துக்கு சிவில் வழக்குத்தான் கதி. ஆகவே கடைசித் தவணை வரை வாய்தா கேளுங்கள். கடைசி 50,000-க்கான டி.டி. கைக்கு வந்த நாளில் இருவரும் நேரில் போய் மனுக் கொடுங்கள். வெற்றுத்தாளில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.