குரல்கள் மோதும் இடத்தில் பெயரும் நேரமும்

கேள்வி: ஆறு பேர் பேசிய கூட்டப் பதிவை எழுத்தாக்குகிறேன். இருவர் ஒரே சமயத்தில் பேசினால் யார் பெயரை, எந்த நேரத்தை இடுவது?

இருவருக்கும் தனித்தனி வரி கொடுத்து, அவரவர் குரல் தொடங்கும் நொடியையே நேரமாக இடுங்கள். முதலாமவர் முடித்த நொடியை இரண்டாமவருக்குக் கொடுத்தால், குறுக்கிட்டவர் காத்திருந்து பேசியதுபோல் பதிவாகிவிடும். முதலாமவரின் வாக்கியத்தை உடைக்காமல் முழுதாக எழுதி, ஒன்றாக ஒலித்த சொற்களை மட்டும் இரு வரிகளிலும் சதுர அடைப்புக்குள் வையுங்கள்.

```
00:14:07 பேசுபவர் 2: கட்டணத்தை இந்த ஆண்டு [உயர்த்தியே ஆக வேண்டும்].
00:14:09 பேசுபவர் 5: [போன ஆண்டுதானே] உயர்த்தினோம்?
```

எண்ணைப் பெயராக மாற்றுவதற்கு, ஒவ்வொருவரும் தனியாகப் பேசும் அறிமுகப் பகுதியை முதலில் கேட்டு, அந்தக் குரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மோதலுக்குள் குரல் மங்கினால், அதே நபர் அடுத்துத் தனியாகப் பேசும் இடம்வரை கேட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்; அப்போதும் ஐயம் நீங்காவிட்டால் ‘பேசுபவர் 5?’ என்றே விடுவதுதான் நேர்மை, ஏனெனில் ஒருவர் சொல்லாததை அவர் பெயரில் ஏற்றுவது விடுபட்ட சொல்லைவிடப் பெரிய பிழை. இடையில் வரும் ‘ம்’, ‘சரி’ போன்றவற்றை விட்டுவிடலாம். ஆனால் தீர்மானத்துக்கு ஒப்புதல் கேட்கப்பட்ட தருணத்தில் ஒலிக்கும் ‘சரி’க்குத் தனி வரி தேவை.