மஞ்சள் விற்ற பணத்துக்கு வருமான வரி நோட்டீஸ்: கேள்வி பதில்

பவானி பக்கம், பள்ளி ஆசிரியர்: சம்பளத்தோடு 3 ஏக்கர் மஞ்சளும் உண்டு. 2023-24க்கு ரிட்டர்னில் விவசாய வருமானம் 7,26,000 என்று காட்டினேன். வங்கியில் ரொக்கமாக 4,60,000 கட்டியிருக்கிறேன். இப்போது 142(1) நோட்டீஸ், ஆதாரம் கேட்கிறார்கள். பட்டா, சிட்டா, அடங்கல், மண்டி பில் எல்லாம் இருக்கிறது. அப்படியே ஏற்றிவிடலாமா சார்?

ஏற்றலாம், ஆனால் அப்படியே வேண்டாம். முதலில் அடங்கல் எந்தப் பசலிக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள், பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். பசலி ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும், வரிக் கணக்கு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். 2023-24க்கு ஆதாரம் என்றதும் எல்லோரும் பசலி 1433 அடங்கலை வாங்கி வைத்துவிடுகிறார்கள். நீங்கள் விற்ற மஞ்சள் எப்போது நட்டது? 2022 ஜூனில் நட்டு 2023 பிப்ரவரியில் வெட்டியிருந்தால் அந்தப் பயிர் பசலி 1432 அடங்கலில்தான் இருக்கும். அடுத்த பசலியில் அதே வயலில் மக்காச்சோளம் போட்டிருந்தால், மக்காச்சோளம் என்று எழுதிய அடங்கலையும் மஞ்சள் பில்லையும் சேர்த்து அனுப்பி நீங்களே சந்தேகத்தைக் கிளப்பிவிடுவீர்கள். இரண்டு பசலியும் வாங்குங்கள், கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்தோடு. வேகவைத்துக் காயவைத்து விலை ஏறட்டும் என்று கிடங்கில் போட்டிருந்தேன் என்பதைப் பதிலில் ஒரு பத்தியாக எழுதி, கிடங்கு ரசீதை அதன் பின்னால் வையுங்கள். நோட்டீஸ் முகமற்ற முறையில் வருவதால் அந்த அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்றே உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. அடங்கலுக்கும் பில்லுக்கும் ஆங்கிலத்தில் சுருக்கம் எழுதி இணைத்துவிடுங்கள்.

அதே ஆசிரியர்: பயிர் நீங்கள் சொன்ன மாதிரியே 2022 ஜூன்தான். பில் நான்கு: மே 1,30,000 ரொக்கம், ஆகஸ்ட் 1,90,000 ரொக்கம், செப்டம்பர் 2,16,000 வங்கி வழியாக, டிசம்பர் 1,90,000 ரொக்கம். மொத்தம் 66 குவிண்டால். கட்டியது மே 1,20,000, ஆகஸ்ட் 1,40,000, டிசம்பர் 2,00,000. டிசம்பரில் பில்லை விட 10,000 அதிகம் கட்டியிருக்கிறேனே, பிரச்சினையா?

பிரச்சினை இல்லை, நீங்கள் விளக்கினால். விளக்காவிட்டால்தான் அந்தப் பத்தாயிரம் கண்ணில் உறுத்தும். ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். மே மாதம் 1,30,000 வந்தது, 1,20,000 கட்டினேன், கையில் 10,000. ஆகஸ்டில் 1,90,000 சேர்ந்து 2,00,000, அதில் 1,40,000 கட்டினேன், கையில் 60,000. டிசம்பரில் 1,90,000 சேர்ந்து 2,50,000, அதில் 2,00,000 கட்டினேன், மீதி 50,000 அடுத்த பயிரின் கூலிக்கு. ஒவ்வொரு வரிக்கும் பில் எண், வங்கி அறிக்கையின் பக்க எண் போட்டுவிட்டால், கட்டிய பணம் எந்த நாளிலும் கையிலிருந்த பணத்தைத் தாண்டவில்லை என்பது அந்த ஒரு தாளிலேயே தெரிந்துவிடும். உங்கள் பதிலில் கனமான காகிதம் இதுதான், பட்டா கூட இதற்கு அப்புறம்தான். நிலம் உங்களுடையது என்பதை யாரும் பெரிதாக மறுப்பதில்லை, வங்கிக்கு வந்த பணம் அந்த நிலத்திலிருந்துதான் வந்ததா என்பதுதான் கேள்வி. அதை நிறுவ முடியாமல் கணக்கில் வராத பணம் என்று 69ஏ பிரிவில் சேர்த்துவிட்டால் 60 சதவீதம் வரி, அதன் மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் ஏறி 78 சதவீதம் ஆகிவிடும்.

ஏக்கருக்கு 22 குவிண்டால் காய்ந்த மஞ்சள் நம்பக்கூடிய விளைச்சல்தான். இதையே 40 என்று காட்டியிருந்தால் நானே நம்பமாட்டேன். சரி, ஒன்று கேட்கிறேன்: 7,26,000 என்பது விற்பனைத் தொகை, செலவை ஏன் கழிக்கவில்லை?

அதே ஆசிரியர்: வரியே இல்லாத வருமானம்தானே என்று செலவுக் கட்டத்தில் பூஜ்யம் போட்டுவிட்டேன்.

இது நிறைய பேர் செய்வது. விதை, கூலி, உரம், வேகவைக்கும் செலவு எதுவும் இல்லாமல் மஞ்சள் விளைந்ததாக யார் நம்புவார்கள்? இதில் கூடுதல் வரியாக உங்கள் கைக்காசும் போயிருக்கிறது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்றாலும், சம்பளம் வரி வரம்பைத் தாண்டி, நிகர விவசாய வருமானம் 5,000க்கு மேல் போனால், சம்பளத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று பார்க்க இதையும் கூட்டுவார்கள். செலவு 2,90,000 என்று வைத்துக்கொண்டால் கூட்ட வேண்டியது 4,36,000 மட்டும்தான். திருத்திய ரிட்டர்னுக்குக் கெடு, நீட்டித்ததையும் சேர்த்து, 2025 ஜனவரி 15ஓடு முடிந்துவிட்டது. பதிலில் செலவு விவரத்தை உரக்கடை பில்லோடு சொல்லுங்கள். அதைக் காட்டி வரியைக் குறைப்பார்களா என்பது அதிகாரியைப் பொறுத்தது, என்னால் உறுதி சொல்ல முடியாது.

கோபி, இளைஞர்: அண்ணா, விவசாயத்துக்கு வரியே கிடையாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அப்புறம் எதுக்கு நோட்டீஸுக்குப் பதில் போடணும்? சும்மா விட்டா என்ன?

பாதி சரி தம்பி. 10(1) பிரிவு விலக்கு கொடுக்கிறது, அந்த வருமானம் விவசாயத்தில்தான் வந்தது என்று காட்ட வேண்டியவர் விலக்கு கேட்பவர். பதில் போடாவிட்டால் ஒவ்வொரு தவறுக்கும் 10,000 அபராதம் போடலாம், கையில் இருப்பதை வைத்து அவர்களே மதிப்பிட்டு உத்தரவும் போட்டுவிடலாம். தளத்தில் `Pending Actions` போய் `e-Proceedings` திறந்தால் பதில் போடும் இடம் இருக்கும். காகிதம் சேரவில்லை என்றால் அங்கேயே கூடுதல் அவகாசம் கேளுங்கள், கெடு முடிவதற்கு முன்னால்.

தாராபுரம், பால் பண்ணை வைத்திருப்பவர்: எனக்கும் இதே மாதிரிதாங்க. எட்டு மாடு, சொந்தத் தீவனக்காடு, பால் சொசைட்டிப் பணம் முழுக்க வங்கிக்குத்தான் வருது. சொசைட்டிச் சீட்டையும் பட்டாவையும் வைத்தால் போதுமா?

உங்களுடையது வேறு விஷயம்ங்க. பாலும் கோழியும் இந்தச் சட்டத்தில் விவசாய வருமானம் ஆகாது, தீவனம் சொந்தக் காட்டில் விளைந்தாலும். பட்டா வைத்து இதைக் காப்பாற்ற முடியாது. செலவைக் கழித்து வியாபார வருமானமாகக் காட்டவேண்டியது, ஆடிட்டரிடம் போங்கள். மஞ்சளை வேகவைப்பதும் மெருகு போடுவதும் சந்தைக்குக் கொண்டுபோக விவசாயி வழக்கமாகச் செய்யும் வேலை என்பதால் விலக்கு நிற்கிறது.

அந்தியூர்: பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்குங்க ஐயா. மண்டிக்காரரும் கடையை மூடிட்டுப் போயிட்டார், ரெண்டு பில் தொலைஞ்சு போச்சு. தெரிஞ்ச வியாபாரிகிட்ட அதே தேதிக்கு பில் வாங்கிடலாமா?

வேண்டவே வேண்டாம். 133(6)இல் அந்த வியாபாரிக்கே நேராகக் கடிதம் போட்டு அவர் கணக்கைக் கேட்பார்கள், அதில் உங்கள் பெயர் இல்லை என்றால் ஒழுங்காக இருக்கும் மற்ற பில்களையும் சேர்த்து நம்பமாட்டார்கள். சரக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வழியாகப் போயிருந்தால் அவர்கள் பதிவேட்டில் இருக்கும், நகல் கேளுங்கள். எடைமேடைச் சீட்டு, லாரி வாடகைச் சீட்டு, அந்த வாரத்து வங்கி வரவு, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். பட்டாவுக்கு வாரிசுச் சான்றிதழும், நீங்கள்தான் உழுகிறீர்கள் என்று காட்டும் கூட்டுறவுப் பயிர்க்கடன் கணக்கும் உதவும். நமக்கு இலவச மின்சாரம் என்பதால் கரண்ட் பில் இருக்காது, பம்புசெட் இணைப்பு எண்ணைச் சொல்லலாம். இவ்வளவும் வைத்தால் கூட, அந்த இரண்டு பில் தொகையை ஏற்பார்களா என்பது ஐம்பதுக்கு ஐம்பதுதான்.