கூட்டத்துக்கு முன்பே அனுப்பும் குறிப்பு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

போர்டு கூட்டத்துக்கும் உள் கமிட்டிகளுக்கும் குறிப்பு தயாரித்து அனுப்புவதே என் பிழைப்பு, கம்பெனி செக்ரட்டரி. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு முன் அனுப்பும் ப்ரீ-ரீட் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். ஸ்லைடு அலங்காரம் எனக்குத் தெரியாது.

கோவை, ஃபைனான்ஸ் மேலாளர்: பீஸ்களை வெளியே ஜாப் ஒர்க் கொடுப்பதை நிறுத்திவிட்டு, உலோகத்தைக் குடைந்து வெட்டும் வி.எம்.சி. மெஷின் ஒன்றைச் சொந்தமாக வாங்கலாமா என்று பார்ட்னர்கள் கூட்டம். 42 ஸ்லைடு தயார். அதையே முன்கூட்டி அனுப்பினால் போதாதா மேடம்?

போதாது. நீங்கள் தனியாக அனுப்பிய ஃபைலைப் பார்த்தேன். ஸ்லைடு என்பது பக்கத்தில் நின்று ஒருவர் பேசுவதற்காகச் செய்தது. ஆளை எடுத்துவிட்டால் பாதி வாக்கியங்கள்தான் மிஞ்சும். உங்களிடம் கடன் தவணை 17-ஆம் ஸ்லைடில் இருக்கிறது, ஜாப் ஒர்க் விலை 29-இல், ஆர்டர் கணிப்பு 36-இல். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு வரும். சேர்க்கும் வேலையை வாசிப்பவர் தலையில் கட்டிவிட்டீர்கள்.

சேர்த்துப் பார்ப்போம். மெஷின் 60 லட்சம், அதில் கடன் 48 லட்சம். 10 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,02,000 ரூபாய். இரண்டு ஆபரேட்டர் சம்பளம் 50,000. ஆக, ஒரு பீஸ்கூட ஓடாவிட்டாலும் மாதம் 1,52,000 போகும். கரண்டும் டூலும் பீஸுக்கு 18 ரூபாய் என்று போட்டிருக்கிறீர்கள். வெளியே கொடுத்தால் பீஸுக்கு 100. அப்படியானால் பீஸுக்கு மிச்சம் 82 ரூபாய். 1,52,000-ஐ 82-ஆல் வகுத்தால் 1,854 பீஸ். மாதம் அதற்கு மேல் ஓடினால் மெஷின் லாபம், கீழே போனால் ஜாப் ஒர்க்கே மேல். இந்தச் சமநிலை எண் உங்கள் 42 ஸ்லைடில் எங்கேயும் இல்லை.

இப்போது மாதம் 2,400 பீஸ் போகிறது. மெஷின் இருந்தால் சுமார் 45,000 ரூபாய் மிச்சம். பெரிய வாடிக்கையாளர் ஆர்டரைக் குறைத்து 1,600-க்கு வந்தால் மாதம் சுமார் 21,000 கைநஷ்டம். ஆக, பார்ட்னர்கள் பேச வேண்டியது மெஷினின் ஸ்பிண்டில் வேகத்தை அல்ல. ஆர்டர் 1,854-க்குக் கீழே போகாமல் நிற்குமா என்பதைத்தான். அது தெரிந்தவர் அந்த வாடிக்கையாளரைக் கவனிக்கும் பார்ட்னர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன். குறிப்பு அவரைப் பேச வைக்க வேண்டும்.

முதல் பக்கம் இப்படி இருக்கட்டும்:

> *கேட்கும் முடிவு:* 60 லட்சத்துக்கு ஒரு வி.எம்.சி. வாங்க ஒப்புதல். இந்தக் கூட்டத்திலேயே வேண்டும். சப்ளையர் சொன்ன விலை மாதக் கடைசி வரைதான்.
> *வழிகள்:* வாங்குவது. இப்படியே ஜாப் ஒர்க்கில் தொடர்வது. ஆறு மாதம் ஆர்டரைப் பார்த்துவிட்டு வாங்குவது.
> *எதில் தொங்குகிறது:* மாதம் 1,854 பீஸ். இப்போது 2,400.
> *எங்கள் பரிந்துரை:* வாங்கலாம்.
> *எங்களுக்கு உறுதியில்லாதது:* பெரிய வாடிக்கையாளரின் அடுத்த வருட அளவு.

இரண்டாம் பக்கத்தில் கணக்கு, மூன்றாம் பக்கத்தில் மூன்று வழிகளின் ஒப்பீடு. சப்ளையர் கொட்டேஷன், பேங்க் கடிதம் எல்லாம் பின்னிணைப்பு; விரும்புகிறவர் பார்க்கட்டும். அனுப்பியபின் எண்ணை மாற்றாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் சில தடவை சொல்லுவேன்.

சென்னை, ஹெச்.ஆர்.: எத்தனை பக்கம் இருக்கலாம்?

மூன்று, நான்கு. எண்கள் உள்ள ஒரு பக்கத்தை நிதானமாகப் படிக்க நான்கு நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்தைத் தாண்டினால் படிக்க மாட்டார்கள், புரட்டுவார்கள்.

ஓசூர், தர மேலாளர்: பரிந்துரையை முதல் பக்கத்திலேயே போட்டால் எல்லோரும் அதற்குத் தலையாட்டிவிடுவார்களே?

பாதி சரி. எம்.டி. பெயரில் போகும் பரிந்துரைக்குத் தலையாட்டத்தான் செய்வார்கள். தயாரித்தவர் பெயரில் போனால் அந்தப் பயம் குறைவு. அதற்காகப் பரிந்துரையே இல்லாமல் அனுப்பினால் கூட்டத்தின் முதல் அரை மணி "சரி, நீங்க என்ன சொல்றீங்க?" என்பதிலேயே போய்விடும். பரிந்துரைக்குப் பக்கத்திலேயே, எந்த நிலைமையில் அது தப்பாகும் என்று ஒரு வரி எழுதுங்கள். மேலே உள்ள உதாரணத்தில் அது 1,600 பீஸ். எதிர்த்துப் பேச நினைப்பவருக்குப் பிடி கொடுத்த மாதிரி ஆகும்.

மதுரை வாசகர்: ஏழு நாளுக்கு முன் அனுப்ப வேண்டும் என்பது சட்டம்தானே? எங்கள் டிபார்ட்மென்ட் கூட்டத்துக்கும் அதுதான் விதி என்கிறார் எங்கள் மேலாளர்.

சட்டம் உண்டு, உங்களுக்கு இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 173 போர்டு கூட்டத்துக்குக் குறைந்தது ஏழு நாள் நோட்டீஸ் கேட்கிறது. அஜெண்டாவும் அதற்கான குறிப்புகளும் ஏழு நாள் முன்பே போக வேண்டும் என்பது செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்டு எஸ்.எஸ்.-1. அவசரம் என்றால் குறைக்கவும் வழி இருக்கிறது. டிபார்ட்மென்ட் கூட்டத்துக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே ஏழு நாள் முன்னால் அனுப்பினால் மறந்துவிடுவார்கள். இரண்டு வேலைநாள், நடுவில் ஒரு ஞாயிறு இல்லாமல், போதும்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாம்பரம்: எங்கள் அபார்ட்மென்டில் லிஃப்ட் மாற்றுவது பற்றி வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் போட்டேன். 60 பேரும் குட்மார்னிங் போட்டு மேலே தள்ளிவிட்டார்கள்.

ஐயா, குரூப்பில் போடாதீர்கள். ஒரு பக்கம் அச்சடித்து வீட்டுக்கு வீடு கதவில் செருகுங்கள். மேலே பெரிதாக "உங்கள் வீட்டுக்கு வரும் பங்கு இவ்வளவு" என்று போடுங்கள். அதைப் படிக்காதவர் யாரும் இருக்க மாட்டார்.

ஃபைனான்ஸ் ட்ரெய்னி: ப்ரீ-ரீட் அனுப்பியபின் ராத்திரி ஒரு எண் மாறிவிட்டது. கூட்டத்தில் வாயால் சொல்லிவிடலாமா?

கூடாது. இதைத்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். வாயால் சொன்னால், படித்து வந்தவர் தலையில் ஒரு எண், படிக்காதவர் தலையில் வேறு எண். அப்புறம் மினிட்ஸில் மூன்றாவது எண் ஏறும். எண் முடிவையே மாற்றுமானால் கூட்டத்தைத் தள்ளுங்கள். மாற்றாது என்றால் "பக்கம் 2, வரி 4: 18 என்பது 21 ஆகிறது; சமநிலை 1,924 பீஸ்; பரிந்துரை மாறவில்லை" என்று ஒரே வரி மெயில். முழு ஃபைலையும் `final_final_2.pdf` என்று திரும்ப அனுப்பாதீர்கள்.

பெங்களூரு, சாஃப்ட்வேர் டீம் லீட்: எவ்வளவு நல்ல குறிப்பு அனுப்பினாலும் யாரும் படிக்க மாட்டார்கள் மேடம். அமேசானில் முன்கூட்டி அனுப்புவதே இல்லை. கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் உட்கார்ந்து மௌனமாகப் படிக்கிறார்கள். அதுதான் ஒரே வழி.

அங்கே அந்தப் பழக்கம் இருப்பது உண்மை. 2004-இல் ஜெஃப் பெசோஸ் மூத்த மேலாளர்கள் கூட்டத்தில் பவர்பாயிண்ட் வேண்டாம் என்றார். ஆறு பக்கக் கட்டுரை வடிவக் குறிப்பும் கூட்டத் தொடக்கத்தில் மௌன வாசிப்பும் வழக்கமாயின. ஆனால் "ஒரே வழி" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். படித்த அதே அறையில் கணக்கைச் சரிபார்க்க முடியாது. கோவை பார்ட்னர் வாடிக்கையாளருக்கு ஒரு போன் போட வேண்டும். அதற்கு ராத்திரி ஒன்று வேண்டாமா?

பெங்களூரு, சாஃப்ட்வேர் டீம் லீட்: போன் போடுபவர் ஒருவர். படிக்காமல் வந்து முதல் பக்கத்தில் இருப்பதையே கேட்பவர் ஐந்து பேர். அந்த ஐந்து பேருக்காகத்தான் நாம் திரும்ப ஸ்லைடு ஓட்டுகிறோம்.

ஈரோடு, கூட்டுறவு சங்க முன்னாள் நிர்வாகி: தம்பி சொல்வது நிஜம்தான். ஆனால் எங்கள் சங்கத்தில் எல்லோரும் ஒரே வேகத்தில் தமிழ் படிக்க மாட்டார்கள். மௌனமாக உட்கார வைத்தால் மெதுவாகப் படிப்பவர் படித்ததாகத் தலையசைத்துவிடுவார். வீட்டில் என்றால் மகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார்.

சென்னை, ஹெச்.ஆர்.: இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே? முன்பே அனுப்பி, கூட்டத்தில் பத்து நிமிடமும் கொடுத்தால்?

பெங்களூரு, சாஃப்ட்வேர் டீம் லீட்: பத்து நிமிடம் உண்டு என்று தெரிந்தால் முன்னால் ஒருவரும் படிக்க மாட்டார்கள்!

ஈரோடு ஐயா சொன்னது எனக்குத் தோன்றாத விஷயம், நன்றி. டீம் லீடுக்கு: அறையில் இருப்பவர்கள் ஒரே வேலைக்காரர்கள், ஒரே மொழி, ஒரே வேகம் என்றால் உங்கள் முறை ஓடும். வெவ்வேறு துறை ஆட்கள், பணம் போடுபவர்கள் என்றால் ஓடாது. படிக்க வைக்க எனக்குத் தெரிந்த வழி, முந்தின நாள் மதியத்துக்குள் ஆளுக்கு ஒரு கேள்வி எழுத்தில் கேட்பது. பொதுவாக அல்ல, "1,854-ஐ எட்டுவோமா, உங்கள் கணிப்பு என்ன?" என்று பெயர் சொல்லி. வந்த பதில்களை ஒரு பக்கமாகத் தொகுத்து கூட்டம் தொடங்கும்போது மேஜையில் வையுங்கள். பதில் தராதவர் இடம் அதில் காலியாக இருக்கும். அடுத்த தடவை தருவார். தராதவர் எம்.டி.யாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரு, சாஃப்ட்வேர் டீம் லீட்: எங்கள் எம்.டி.தான் முதல் ஆள்.

அப்போது அவருக்கு நேரில் போய்ப் பத்து நிமிடம் சொல்லிவிட்டு வாருங்கள். மௌன வாசிப்பு வேண்டாம் என்றுதான் இன்னமும் சொல்வேன். நீங்கள் ஒத்துக்கொள்ளப் போவதில்லை, தெரிகிறது.

திருச்சி வாசகர்: ப்ரீ-ரீட் எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?

மேலே பாருங்கள்.

சேலம் வாசகர்: மினிட்ஸ் எழுத ஒரு மாதிரி கிடைக்குமா?

அது வேறு பஞ்சாயத்து. உங்கள் கம்பெனி செக்ரட்டரியிடம் போன வருடத்து மினிட்ஸ் புத்தகத்தைக் கேளுங்கள்.

வேலூர் வாசகர்: 20 பக்கம் ஆனாலும் பரவாயில்லையா? எங்கள் விஷயம் சிக்கலானது.

எல்லோர் விஷயமும் சிக்கலானதுதான். நான்கு பக்கம், மீதி பின்னிணைப்பு. பக்கக் கணக்கை இதற்கு மேல் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

கோவை, ஃபைனான்ஸ் மேலாளர்: மேடம், எங்கள் சீனியர் பார்ட்னருக்கு முதல் பக்கத்தைக் காட்டினேன். கைக்காசு 12 லட்சத்துக்கு வட்டியே போடவில்லையே என்கிறார்.

நல்ல பிடி. அதை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டு 7 சதவீதம் வருகிறது என்று வைத்தால் மாதம் 7,000 ரூபாய் இழப்பு. சமநிலை 1,939 பீஸுக்கு ஏறும். சேர்ப்பதா வேண்டாமா என்பதில் ஆளுக்கு ஒரு கருத்து இருக்கும். ஐந்து வருடம் கழித்துக் கடன் முடிந்தபின்னும் மெஷின் ஓடுமே, அதையும் சேர் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டையும் இரண்டாம் பக்கத்தில் தனி வரியாகக் காட்டிவிட்டு, பார்ட்னர்கள் பேசட்டும் என்று விடுங்கள். குறிப்பு இன்னும் அனுப்பவில்லையே? அப்படியென்றால் இப்போதே மாற்றுங்கள். அனுப்பியபின் கூடாது.