இன்வாய்ஸ் நாணயத்தை மாற்றக் கேட்பது எப்படி? ஃப்ரீலான்ஸர் கேள்வி-பதில்

கேள்வி: மாதம் 2,000 யூரோவுக்கு இன்வாய்ஸ் அனுப்புகிறேன். ஒப்பந்தம் போட்டபோது ஒரு யூரோ 1.20 டாலர், இப்போது 1.08. என் செலவெல்லாம் டாலரில்தான். இனி 2,400 டாலருக்கு இன்வாய்ஸ் போடுகிறேன் என்று மெயில் அனுப்பலாமா?

அனுப்புவதற்கு முன் கிளையண்ட் பக்கக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். உங்களுக்கு 2,400 டாலர் வந்த இடத்தில் இப்போது 2,160 வருகிறது, 10 சதவீத இழப்பு. ஆனால் அவர் 2,400 டாலர் கொடுக்க வேண்டுமானால் இன்றைய ரேட்டில் 2,222 யூரோ ஆகும். அவருடைய வரவு செலவு யூரோவில் என்றால், அவருக்கு இது 11 சதவீதக் கட்டண உயர்வு. நீங்கள் "நாணய மாற்றம்" என்று எழுதினாலும் அவர் அதை விலையேற்றமாகத்தான் படிப்பார். அதை மெயிலில் மறைத்தால், அவருடைய கணக்காளர் கண்டுபிடித்துச் சொல்லும்போது உங்கள் மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளக் கேட்பதுதான் என் யோசனை. 2,280 டாலர் என்றால் அவருக்கு 2,111 யூரோ, ஐந்தரை சதவீதம் கூடுதல். உங்களுக்கு இழப்பு 240-லிருந்து 120 டாலராகக் குறைகிறது. மெயிலின் நடுப்பகுதி இப்படி இருக்கட்டும்:

> "நாம் கட்டணம் பேசியபோது ஒரு யூரோ 1.20 டாலராக இருந்தது, இப்போது 1.08. அதனால் அதே 2,000 யூரோவுக்கு எனக்கு 240 டாலர் குறைவாகக் கிடைக்கிறது. அடுத்த மாத வேலையிலிருந்து 2,280 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்ப உங்கள் சம்மதம் கேட்கிறேன். இன்றைய ரேட்டில் உங்களுக்கு இது சுமார் 2,111 யூரோ, அதாவது 111 யூரோ கூடும். இந்த மாத இன்வாய்ஸ் பேசியபடி யூரோவிலேயே வரும். ஆறு மாதம் கழித்து ரேட்டைப் பார்த்து மறுபடியும் பேசிக்கொள்ளலாம்."

உலகப் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதத் தோன்றும். வேண்டாம். படிப்பவருக்குத் தேவை பழைய ரேட், புதிய ரேட், அவருக்கு எவ்வளவு கூடும், எப்போதிலிருந்து என்பவைதான்.

கேள்வி: அனுப்பிய இன்வாய்ஸ் ஒன்று இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதையும் டாலருக்கு மாற்றலாமா?

கூடாது. அது பேசி முடித்த விலை. பணம் தாமதமாகி, அதற்குள் ரேட் விழுந்திருந்தால் அது தாமதக் கட்டண விஷயம். அதைத் தனி மெயிலில் பேசுங்கள்.

கேள்வி: ரேட் இறங்கியது கொஞ்சம்தான், ஆனால் கைக்கு வருவது ரொம்பக் குறைகிறதே?

அப்படியென்றால் முதலில் வங்கியைப் பாருங்கள். வரவான டாலரை இன்வாய்ஸ் யூரோவால் வகுத்தால், உங்களுக்குக் கிடைத்த உண்மையான ரேட் தெரியும். 2,000 யூரோவுக்கு 2,095 டாலர் வந்திருந்தால் அது 1.0475. அன்றைய சந்தை ரேட் 1.08 என்றால், இடையில் 65 டாலர், கிட்டத்தட்ட 3 சதவீதம், வங்கியின் லாபமாகவும் கட்டணமாகவும் போயிருக்கிறது. அதைக் கிளையண்டிடம் கேட்பது நியாயமில்லை. பணம் வாங்கும் வழியை மாற்றினாலே தீரக்கூடிய பிரச்சினை இது.

டாலருக்கு மாறினால் நாணயத்தை மாற்றும் செலவு கிளையண்ட் தலையில் விழும் என்பதையும் மறக்காதீர்கள். வங்கிப் பரிமாற்றமானால் அனுப்புகிற கட்டணத்தை யார் ஏற்பது என்றும் மெயிலிலேயே பேசிவிடுங்கள். படிவத்தில் OUR என்று தேர்ந்தெடுத்தால் எல்லாம் அனுப்புபவர் பொறுப்பு, SHA என்றால் இருவருக்கும் பங்கு. இதைப் பேசாமல் விட்டால் 2,280-க்குப் பதில் ஏதோ குறைந்த தொகை வந்து நிற்கும், அப்புறம் பாக்கிக்கு ஒரு மெயில் எழுத வேண்டியிருக்கும்.

கேள்வி: கிளையண்டின் கணக்குப் பிரிவு யூரோ தவிர வேறு எதையும் ஏற்காதாம். வேறு வழி?

நாணயம் யூரோவாகவே இருக்கட்டும், தொகையை ரேட்டோடு கட்டிவிடுங்கள். "அடிப்படை ரேட் 1.20. இன்வாய்ஸ் தேதியில் அது இருபக்கமும் 5 சதவீதத்துக்கு மேல் நகர்ந்திருந்தால், வித்தியாசத்தை ஆளுக்குப் பாதியாக ஏற்போம்" என்று ஒரு வரி போதும். எந்த ரேட் என்பதையும் எழுதுங்கள். ஐரோப்பிய மத்திய வங்கி ஒவ்வொரு வேலை நாளும் குறிப்பு ரேட்டை வெளியிடுகிறது. இருவரும் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தால் தகராறுக்கு இடமில்லை.

"இருபக்கமும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். யூரோ ஏறினால் கட்டணத்தைக் குறைக்கவும் நீங்கள் தயார் என்பது எழுத்தில் இருந்தால், கணக்குப் பிரிவு பெரும்பாலும் இறங்கி வரும்.

கேள்வி: மெயிலை எப்போது அனுப்புவது? ரேட் விழுந்த அன்றேவா?

அன்றே வேண்டாம். 2016 ஜூனில் பிரெக்ஸிட் வாக்கெடுப்பு முடிவு வந்த ஒரே நாளில் பவுண்டு டாலருக்கு எதிராகச் சுமார் 8 சதவீதம் விழுந்தது, பழைய நிலைக்குச் சீக்கிரம் திரும்பவும் இல்லை. எல்லாச் சரிவும் அப்படி நிலைப்பதில்லை, சில வாரங்களிலேயே மீள்வதும் உண்டு. மூன்று நான்கு வாரம் பொறுத்து, அந்த நாட்களின் சராசரி ரேட்டை வைத்துக் கணக்குப் போட்டு, அடுத்த இன்வாய்ஸுக்கு இரண்டு வாரம் முன்னதாக அனுப்புங்கள். பதில் வரும்வரை இன்வாய்ஸ் பழைய நாணயத்திலேயே போகட்டும்.