இரவுக் கதை: ஒரே கேள்வி, ஒரே பதில்

"டொராண்டோவில் வளரும் எங்கள் ஐந்து வயது மகளுக்குத் தமிழில் கதை சொன்னால், பாதியிலேயே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்கிறாள். என்ன செய்வது?"

வணக்கம். கதையில் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் மட்டுமே திரும்பத் திரும்ப வரட்டும். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மட்டும் மாறட்டும்.

"பூனை எங்கே? மேசைக்குக் கீழே இல்லை.
பூனை எங்கே? நாற்காலிக்குக் கீழே இல்லை.
பூனை எங்கே? தலையணைக்குக் கீழே இல்லை.
பூனை எங்கே? போர்வைக்குக் கீழே! பூனை தூங்குகிறது."

இந்த நான்கு பெயர்களும் உருமாறாமல் 'க்கு' ஏற்பவை என்பதால்தான் இவற்றைத் தேர்ந்தேன். மரம் 'மரத்துக்கு' என்று மாறிவிடுவதால், தொடக்கத்தில் அது குழந்தையைக் குழப்பும். 'தூங்குகிறது' என்பதை உங்கள் வீட்டுப் பேச்சில் 'தூங்குது' என்றே சொல்லுங்கள். குழந்தை நாள் முழுவதும் கேட்கும் வடிவமே கதையிலும் வர வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் ஆங்கிலம் சொன்னால் அவள் தமிழைக் கவனிக்காமல் ஆங்கிலத்துக்காகவே காத்திருப்பாள். ஆகவே மொழிபெயர்க்காமல், அறையிலுள்ள பொருளையே தொட்டுக் காட்டுங்கள். சில இரவுகளுக்குப் பிறகு 'கீழே' என்றதும் நிறுத்திப் பொறுத்திருங்கள். 'இல்லை' என்று அவளே முடித்தால் புதிய பொருள் ஒன்றைச் சேர்க்கலாம். மௌனமாக இருந்தால் வற்புறுத்தாமல் நீங்களே முடித்துவிட்டு, மறுநாளும் அதே நான்கு பொருள்களோடு சொல்லுங்கள்.