கம்பிக்கு ஏன் முதுகைக் காட்டுகிறார்கள்? உயரம் தாண்டுதல்: கேள்வி-பதில்

உயரம் தாண்டுதல் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, கம்பிக்கு மேலே உடல் வில்லாக வளையும் அந்த ஒரு நொடியைச் சுற்றியே இருந்தன. பதில்களோ பெரும்பாலும் தரையில்தான், அதுவும் ஓட்டத்தின் கடைசி நான்கைந்து அடிகளில்தான் கிடைக்கின்றன என்பதால் அங்கேயே அதிகம் நின்றிருக்கிறேன்.

கேள்வி: முதுகுப்புறமாகத் தாண்டும்போது உடலின் ஈர்ப்பு மையம் கம்பிக்குக் கீழேயே கடந்துவிடுகிறது, அதனால்தான் இந்த முறை வென்றது என்று படித்தேன். இது உண்மையா?

பாதி உண்மை. உடல் வில்லாக வளைந்து, தலையும் கால்களும் கம்பியின் இரு பக்கங்களிலும் தாழ்ந்திருக்கும்போது ஈர்ப்பு மையம் முதுகுக்குக் கீழே, உடலுக்கு வெளியே அமையக்கூடும். ஆகவே அது கம்பிக்குக் கீழே செல்வது இயற்பியல்படி இயலக்கூடியதே. ஆனால் நல்ல தாண்டுதல்களில்கூட அந்த மையம் பெரும்பாலும் கம்பியின் உயரத்தை ஒட்டியோ, அதற்குச் சில சென்டிமீட்டர் மேலாகவோதான் செல்கிறது. வயிறு கம்பியைப் பார்க்க உருண்டு கடக்கும் பழைய ஸ்ட்ராடில் முறையும் இந்தக் கணக்கில் பெரிதாகப் பின்தங்கியதில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற பிறகும், 1972 ஒலிம்பிக்கில் ஆடவர் தங்கம் ஸ்ட்ராடில் வீரருக்கே போனது. 1978இல் விளாதிமிர் யாஷ்சென்கோ அதே முறையில் 2.34 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்தார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 1.90 மீட்டர் உயரமுள்ள ஒருவரின் கால் தரையை விட்டு நீங்கும் நொடியில் அவருடைய ஈர்ப்பு மையம் 1.35 மீட்டரில் இருக்கிறது, அவர் மேல்நோக்கி நொடிக்கு 4.2 மீட்டர் வேகத்தில் எழும்புகிறார் என்று கொள்வோம். அந்த வேகம் மையத்தை இன்னும் 0.90 மீட்டர் உயர்த்தும். ஆக உச்சம் 2.25 மீட்டர். கால் தரையை விட்ட பிறகு அவர் கையை வீசினாலும் முதுகை வளைத்தாலும் இந்த உச்சம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறாது. வளைவினால் கிடைப்பது சில சென்டிமீட்டர் சிக்கனம் மட்டுமே. அந்த 90 சென்டிமீட்டர் தரையிலிருந்து வந்தது. ஆகவே முறைகளை ஒப்பிடும்போது, வேகமான ஓட்டத்தை மேல்நோக்கிய எழுச்சியாக மாற்ற எது இலகுவான வழி தருகிறது என்றே கேட்க வேண்டும். என் கணிப்பில் முதுகுப்புறத் தாண்டல் வென்றது வளைவான ஓட்டத்தின் தயவால்தான். முதுகு கம்பியை நோக்கித் திரும்புவது அந்த ஓட்டத்தின் விளைவு.

கேள்வி: நேராக ஓடிவந்தால் வேகம் இன்னும் கூடுமே? கடைசியில் ஏன் வளைந்து வர வேண்டும்?

வளைவில் ஓடுபவர் உள்பக்கமாகச் சாய்ந்தே ஆக வேண்டும். சைக்கிள் திருப்பத்தில் சாய்வதைப் போலத்தான். அந்தச் சாய்வின் அளவு, வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் புவியீர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்தது. நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஓடினால் அந்த எண் 0.5, அதற்குரிய சாய்வு ஏறத்தாழ 27 பாகை. இந்தச் சாய்வு இரண்டு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, உடலைத் தாழ்த்துகிறது. எழும்பும் கால் தரையைத் தொடும்போது ஈர்ப்பு மையம் தாழ்வாகவும், அதே கால் தரையை விடும்போது உயரமாகவும் இருந்தால்தான், ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்த நேரத்தில் உடலை மேலே தள்ளப் போதிய தூரம் கிடைக்கும். நேராக ஓடுபவர் இதற்காக முழங்காலை அதிகமாக மடக்க வேண்டும்; மடங்கிய காலில் ஓடினால் வேகம் செத்துப்போகும். வளைவில் ஓடுபவருக்கோ சாய்வே உடலைத் தாழ்த்திக் கொடுக்கிறது. பாதத்திலிருந்து ஈர்ப்பு மையம் வரை ஒரு மீட்டர் என்றால், 25 பாகைச் சாய்வு முழங்காலைக் கூடுதலாக மடக்காமலேயே சுமார் 9 சென்டிமீட்டர் இறக்கிவிடும்.

இரண்டாவது வேலைதான் பலரும் கவனிக்காதது. வளைவின் மையம் கம்பிக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதால், ஓடுபவர் கம்பியை விட்டு விலகிச் சாய்ந்திருக்கிறார். கடைசி அடியை ஊன்றியதும் உடல் அந்தச் சாய்விலிருந்து செங்குத்தை நோக்கி நிமிர்கிறது. இந்த நிமிர்வே கம்பியின் பக்கமாக ஒரு சுழற்சியைத் தொடங்கிவைக்கிறது. அத்துடன், ஊன்றிய கால் உடலுக்கு முன்னே இருப்பதால் உடல் அதன் மேலாக முன்னோக்கியும் புரள்கிறது. இந்த இரு சுழற்சிகளும் சேர்ந்துதான் தாண்டுபவரின் தோளைக் கம்பிக்கு அப்பால் இறக்கி, இடுப்பையும் கால்களையும் அதன் மேலே கொண்டுவருகின்றன. நேராக ஓடிவந்து நிமிர்ந்தே எழும்புபவருக்கு இந்தச் சுழற்சி வேண்டுமானால், எழும்பும்போதே கம்பியை நோக்கிச் சாய வேண்டியிருக்கும். அப்படிச் சாய்ந்தால் மேல்நோக்கிய தள்ளல் வீணாகும். கம்பியை விட்டு விலகிச் சாய்ந்து தொடங்கி, தரையை விடும்போது நிமிர்ந்திருக்க வழி செய்வதே வளைவின் சிறப்பு.

கேள்வி: உடல் காற்றில் எப்போது திரும்புகிறது? முதுகு எப்படிக் கம்பிப் பக்கம் வருகிறது?

திருப்பம் தரையிலேயே தொடங்கிவிடுகிறது. இடது காலால் எழும்பும் ஒருவர் கம்பியை நோக்கி நின்றால் வலப்புறமாக உள்ள இடத்திலிருந்து ஓடி வந்து, இடப்பக்கமாக வளைகிறார். கடைசி அடியில் கம்பி அவருடைய வலப்பக்கம் இருக்கும். எழும்பும் இடது கால் கம்பிக்குத் தொலைவில் உள்ள கால், வளைவின் உள்பக்கக் காலும் அதுவே. அவர் வலது முழங்காலை மேலேயும், கம்பியை விட்டு விலகும் திசையிலும் வீசுகிறார். இந்த வீச்சும், ஓட்டத்திலேயே இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்த உடலின் போக்கும் ஒரே திசையில் சேர, அவர் எழும்ப எழும்ப முதுகு கம்பியின் பக்கம் வந்துவிடுகிறது. காற்றில் கைகால்களை அசைத்துச் சிறிதளவு திருத்திக்கொள்ளலாம். மொத்தச் சுழற்சி தரையை விட்ட நொடியில் முடிவாகிவிட்ட ஒன்று.

கேள்வி: நான் பயிற்சி தரும் மாணவி சென்ற ஆண்டு நன்றாகத் தாண்டினாள். இப்போது அவளுடைய ஓட்ட வேகம் கூடியிருக்கிறது, ஆனால் மேலே ஏறும்போதே தோளோ முதுகோ கம்பியைத் தட்டிவிடுகிறது. தொடக்கக் குறி அதே இடத்தில்தான் இருக்கிறது. எங்கே தவறு?

தவறு அந்த "அதே இடத்தில்"தான் இருக்கக்கூடும். முன்பு அவள் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில், 8 மீட்டர் ஆரத்தில் ஓடினாள் என்று வைத்துக்கொள்வோம்; தேவையான சாய்வு சுமார் 25 பாகை. இப்போது வேகம் 7 மீட்டர். அதே ஆரத்திற்கு 32 பாகை சாய வேண்டும். அது கடினம். பெரும்பாலானோர் தம்மையறியாமல் கடைசி இரண்டு அடிகளை நேராக்கிவிடுவார்கள். நேரானதும் சாய்வு போய்விடும். ஊன்றும்போதே நிமிர்ந்திருப்பவள், தரையை விடும் முன்பே செங்குத்தைக் கடந்து கம்பியின் மேல் சாய்ந்துவிடுவாள். நீங்கள் கண்ட தட்டல் அதுதான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை "அவசரப்பட்டுத் திரும்புகிறாள்" என்று வாசித்து, முழங்கால் வீச்சைத் திருத்தச் சொல்வார்கள்; அதனால் பயன் இராது.

உறுதிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. ஓட்டத்திற்குப் பின்னாலிருந்து காணொளி எடுத்து, கடைசி அடியை ஊன்றும் நொடியில் நிறுத்திப் பாருங்கள்: தோள்கள் கம்பியை விட்டு விலகிச் சாய்ந்திருக்க வேண்டும். மற்றொன்று, காலணியின் அடியில் சுண்ணாம்புப் பொடி தடவிக் காலடித் தடங்களைப் பார்ப்பது. கடைசி 4 தடங்களில் முதலாவதற்கும் நான்காவதற்கும் இடையில் கயிற்றை இழுத்துக் கட்டினால் அது சுமார் 6 மீட்டர் நீளமிருக்கும். வளைவின் நடுப்பகுதி கயிற்றிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். 8 மீட்டர் ஆரத்திற்கு அது 58 சென்டிமீட்டர் இருக்கும். கடைசி அடிகள் நேராகிவிட்டால் அது வெகுவாகக் குறைந்துவிடும்.

புதிய வேகத்திலும் பழைய 25 பாகைச் சாய்வையே வைத்துக்கொள்ள ஆரம் 11 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். அப்போது அந்த விலகல் சுமார் 42 சென்டிமீட்டர். கம்பிக்கு நேரெதிராக ஓடத் தொடங்கி, கடைசியில் கம்பியோடு 40 பாகைக் கோணத்தில் வருகிறாள் எனில், மொத்தத் திருப்பம் 50 பாகை. இந்தக் கணக்கின்படி வளைவு தொடங்கும் குறியை ஏறத்தாழ ஒரு மீட்டர் வெளிப்பக்கமாகவும், இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பின்னாலும் நகர்த்த வேண்டியிருக்கும். வளைவின் நீளம் 7 மீட்டரிலிருந்து 9.5 மீட்டருக்கு வருவதால், வளைவில் ஓடும் அடிகள் நான்கிலிருந்து ஐந்தாகும். தொடக்கக் குறியையும் அதே அளவு நகர்த்துங்கள். முதல் சில நாட்கள் கம்பியில்லாமல், மெத்தையின் முன் ஓடி எழும்பி மட்டும் பழகட்டும்; கம்பி இருந்தால் கண்ணும் தோளும் அதை நோக்கியே போகும்.

கேள்வி: இடுப்பு தாண்டிவிடுகிறது, கெண்டைக்காலோ குதிகாலோ கம்பியைத் தட்டுகிறது. என்ன செய்வது?

இடுப்பு கம்பியைக் கடந்ததும் முதுகின் வளைவை விட வேண்டும். முகவாயை மார்பை நோக்கி இழுத்து, இடுப்பில் மடிந்தால், அதற்கு எதிர்வினையாகக் கால்கள் மேலே எழும். சீக்கிரம் செய்தால் இடுப்பு கம்பியில் விழும், தாமதித்தால் குதிகால். ஒவ்வொரு தாண்டலிலும் தாமதமாகிறதெனில், சுழற்சியே மந்தமாக இருக்கலாம். மேலே சொன்ன சாய்வைத்தான் முதலில் பாருங்கள்.

கேள்வி: பழங்காலத்தில் இந்த முறையை ஏன் ஒருவரும் முயலவில்லை?

இறங்குமிடம் மணலும் மரத்தூளுமாக இருந்தவரை, தோளிலும் மேல்முதுகிலும் விழத் துணிய முடியாது. தடித்த மெத்தைகள் பரவிய காலத்தில்தான் ஃபாஸ்பரி, நிமிர்ந்தபடியே கால்களை ஒவ்வொன்றாகக் கம்பிக்கு மேல் வீசிக் கடக்கும் கத்தரிக்கோல் முறையில் சற்றுச் சற்றாகப் பின்னால் சாய்ந்து இந்த வடிவத்தை அடைந்தார். அதே காலகட்டத்தில் கனடாவின் டெபி பிரில் தாமாகவே இதே போன்ற முறையைக் கண்டடைந்திருந்தார். ஒற்றைக் காலில் எழும்ப வேண்டும் என்ற விதியை இந்த முறை மீறவில்லை என்பதால் தடையும் இருக்கவில்லை.

கேள்வி: எழும்பும் காலின் கணுக்காலில் உள்பக்கமாக வலிக்கிறது. வளைவு காரணமா?

வளைவைவிடப் பாதம் வைக்கும் திசைதான் பெரும்பாலும் காரணம். கடைசி அடியில் பாதத்தைக் கம்பிக்கு இணையாக வைத்தால், உடலோ கம்பியை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பதால், பாதத்தின் உள்விளிம்பு அமுங்கிக் கணுக்கால் உள்நோக்கிச் சரியும். உடல் செல்லும் திசைக்கு நெருக்கமாகப் பாதத்தின் விரல்கள் திரும்பியிருந்தால் இந்த அழுத்தம் குறையும். தடத்தைச் சுண்ணாம்பில் பார்த்தாலே பாதத்தின் கோணம் தெரியும். வலி நீடித்தால் எழும்புவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.